குடிச்சது அவன், பட்டினி கிடக்கிறது இவளா?

நம்ம பக்கம் ஒரு பேச்சு ஓடிக்கிட்டே இருக்கு. ரோட்டுல ஒருத்தன் அடிபட்டுக் கிடந்தான்னா, அடிச்ச வண்டிக்காரன் குடிச்சிருந்தான்னு தெரிஞ்ச உடனே நாலு பேர் சொல்லிடுவாங்க: "ஓட்டுனவன் குடிச்சிருந்தா இன்சூரன்ஸ் ஒத்த பைசா தராது. கேசு போட்டா கையில இருக்கிறதும் போயிடும். கொடுக்கிறதை வாங்கிக்கிட்டுப் போம்மா."

இந்தப் பேச்சு பொய். சும்மா பொய் இல்லை, குடும்பத்தைக் கெடுக்கிற பொய். இதைச் சொல்லிச் சொல்லியே எத்தனையோ பேரை ஒரு லட்சத்துக்கும் இரண்டு லட்சத்துக்கும் கைநாட்டு வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். சொல்கிறவன் பெரும்பாலும் வண்டிக்காரனுக்கு வேண்டியவனாக இருப்பான், இல்லையென்றால் நடுவில் நின்று கமிஷன் பார்க்கிறவனாக இருப்பான். விவரம் தெரியாமல், நல்ல மனசோடு சொல்கிறவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு வண்டிக்குப் போடும் இன்சூரன்ஸ் பாலிசிக்குள்ளே மூன்று தனித்தனி விஷயம் இருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் இவ்வளவு குழப்பமும். முதலாவது, நம்ம வண்டிக்கு ஆகும் சேதம். இரண்டாவது, வண்டி உரிமையாளரே ஓட்டிப்போய் அடிபட்டால் அவருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு. மூன்றாவது, நம்ம வண்டி மோதி வேறு யாராவது செத்தாலோ அடிபட்டாலோ அவர்களுக்குப் போக வேண்டிய பணம். இந்த மூன்றாவதைத்தான் தர்டு பார்ட்டி என்கிறோம். எந்த வண்டியும் இது இல்லாமல் ரோட்டுக்கு வரக்கூடாது என்று சட்டம் கட்டாயமாக்கி வைத்திருப்பது இதை மட்டும்தான்.

குடித்துவிட்டு ஓட்டினால் முதல் இரண்டும் போச்சு. அது சரிதான், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போதையில் ஓட்டும்போது நடந்த சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று பாலிசியிலேயே அச்சடித்திருக்கிறது. நாம்தான் அந்தப் பொடி எழுத்தைப் படிப்பதில்லை.

அதிலும் "ரத்தத்தில் அளவு பார்க்கவில்லையே, எப்படிக் குடித்தேன் என்று சொல்லலாம்?" என்று தப்பிக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வழக்கு சொல்கிறேன். 2007 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட் பக்கத்தில் ஒரு போர்ஷே கார் விபத்தாகி எரிந்துபோனது. ஒரு கம்பெனியின் பெயரில் இருந்த கார் அது. பணம் கேட்டார்கள், இன்சூரன்ஸ்காரர்கள் மறுத்தார்கள். டிரைவரின் ரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹால் என்று கணக்கு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் சாராய வாடை இருந்ததாக எழுதியிருந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் கார்க்காரர் பக்கம் தீர்ப்பு சொன்னது. ஆனால் 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. இஃப்கோ டோக்கியோ, பேர்ல் பெவரேஜஸ் வழக்கு என்று தேடினால் கிடைக்கும். அளவு பார்த்த சீட்டு இல்லாவிட்டாலும் வாடை, விபத்து நடந்த விதம், நேரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துப் போதையில் ஓட்டினார் என்று முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டது. பரிசோதனை செய்து, அளவு சட்ட வரம்புக்குக் கீழே என்று சீட்டு இருந்தால் அது வேறு கதை. அப்போது கம்பெனி அவ்வளவு சுலபமாகக் கையை விரிக்க முடியாது.

அந்த வரம்பு என்ன? மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் இருக்கிறது: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். அதைத் தாண்டினால் குற்றம். முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒரு குவாட்டரைக் காலி பண்ணிவிட்டு "நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்கிறவன் எவனும் இந்த வரம்புக்குள்ளே இருக்க மாட்டான்.

ஆக குடித்தவனுக்கு, அவன் வண்டிக்கு, பணம் இல்லை. இது உண்மை. இந்த உண்மையை எடுத்து அடிபட்டவன் தலையில் கட்டுகிறார்களே, அங்கேதான் அநியாயம் ஆரம்பிக்கிறது. அடிபட்டவன் அந்த பாலிசியில் கையெழுத்துப் போட்டவன் இல்லை. குடித்துவிட்டு ஓட்டமாட்டேன் என்று அவன் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. வண்டிக்காரன் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தை மீறினான் என்றால் அது அவர்கள் இருவருக்கும் இடையில் உள்ள பஞ்சாயத்து. ரோட்டோரம் ஆடு ஓட்டிக்கிட்டு வந்தவளுக்கு அதில் என்ன சம்பந்தம்?

கோர்ட்டும் இதைத்தான் சொல்கிறது. சென்னையை ஒட்டி இருக்கிற திருநீர்மலையில் 2017 டிசம்பர் கடைசியில் ஒரு வேன் மோதி ஒருவர் இறந்தார். வேன் டிரைவர் குடித்திருந்தார் என்பதால் தீர்ப்பாயம் இன்சூரன்ஸ் கம்பெனியை விட்டுவிட்டு, உரிமையாளர்தான் பணம் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது. கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரியும். ஆனால் உரிமையாளரிடம் வசூல் பண்ணி முடிப்பதற்குள் அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள் பெரியவர்கள் ஆகிவிடுவார்கள். குடும்பத்தார் மேல்முறையீடு போனார்கள். 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி தண்டபாணி தீர்ப்பு சொன்னார்: டிரைவர் குடித்திருந்தாலும் கம்பெனி முதலில் குடும்பத்துக்குப் பணத்தைக் கொடுக்க வேண்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூல் பண்ணிக்கொள்ளட்டும். இதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2023-லேயே கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சோஃபி தாமஸ் இதே மாதிரி சொல்லியிருக்கிறார். வக்கீல்கள் இதை "பே அண்ட் ரெக்கவர்" என்பார்கள். கட்டு, அப்புறம் வாங்கிக்கோ. அவ்வளவுதான்.

இதன் வேர் இன்னும் பழசு. லைசென்ஸ் இல்லாத டிரைவர் விஷயமாக 2004 ஜனவரியில் சுவரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன கொள்கை இது. பாலிசி விதி மீறப்பட்டது என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும், வெறும் வாய்ப்பேச்சு போதாது. அந்த மீறலில் உரிமையாளரின் அசட்டையும் இருந்தது என்று காட்ட வேண்டும். அப்படிக் காட்டினாலும்கூட முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு வசூலிக்கச் சொல்லலாம். ஆகவே, டிரைவர் குடித்தான் என்று நிரூபிக்கும் வேலை இறந்தவரின் மனைவியுடையது இல்லை. அவர் நிரூபிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த வண்டி கவனக்குறைவாக ஓட்டப்பட்டது, அதனால் என் புருஷன் செத்தான்.

பணம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் இந்தப் பொய்யின் விலை புரியும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இது நானாக வைத்துக்கொண்ட உதாரணம். 38 வயசு கூலி ஆள். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயசான அம்மா, ஆக நாலு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். மாசம் 12,000 ரூபாய் சம்பாதித்தார் என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொள்கிறது என்று வைப்போம். 40 வயசுக்குக் கீழே என்பதால் இனிமேல் கூடுமாக இருந்த வருமானத்துக்காக 40 சதவீதம் சேர்ப்பார்கள், 16,800 ஆகும். உயிரோடு இருந்திருந்தால் தன் செலவுக்கு எடுத்திருப்பார் என்று அதில் கால் பங்கைக் கழிப்பார்கள், 12,600. வருஷத்துக்கு 1,51,200. 36-லிருந்து 40 வயசுக்குப் பெருக்கும் எண் 15. பெருக்கினால் 22,68,000 ரூபாய். மனைவி, பிள்ளைகள், அம்மா ஒவ்வொருவருக்கும் இழப்புக்காக 40,000 வீதம், ஈமச் சடங்குக்கு 15,000, சொத்திழப்புக்கு 15,000. மொத்தம் 24 லட்சத்து 58 ஆயிரம். இந்தச் சில்லறைத் தலைப்புகளை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை 10 சதவீதம் கூட்டவும் உச்ச நீதிமன்றம் 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் சொல்லியிருக்கிறது. அப்புறம் மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி.

இருபத்து நாலரை லட்சம் வர வேண்டிய வீட்டில் இரண்டு லட்சத்தைக் கொடுத்துவிட்டு, "பாவம், உங்களுக்காகப் பேசி வாங்கிக் கொடுத்தோம்" என்று பெருமை வேறு பேசுகிறார்கள். காரியச் செலவுக்கும் கடனுக்கும் போக அந்த இரண்டு லட்சத்தில் பிள்ளைப் படிப்புக்கு என்ன மிஞ்சும்?

இதிலே இன்னொரு கூத்து, ஆஸ்பத்திரியில் நடப்பது. வண்டிக்காரனுக்குச் சொந்தக்காரர்கள் வந்து டாக்டரிடம் கெஞ்சுவார்கள்: "வாடைன்னு எழுதிடாதீங்க சார், புள்ளகுட்டிக்காரன்." அடிபட்டவன் வீட்டாரிடம் வந்து, "வாடைன்னு எழுதினா உங்களுக்கும் கிளெய்ம் வராது, நீங்களும் சொல்லுங்க" என்பார்கள். அவர்களும் நம்பி, டாக்டரிடம் போய்ச் சொல்வார்கள். கணவனைப் பிணவறையில் வைத்துவிட்டு, அவனைக் கொன்றவனுக்காகச் சிபாரிசு பண்ணுகிற நிலைமை. எழுதினால் நஷ்டம் யாருக்கு? டிரைவருக்கும் வண்டி உரிமையாளருக்கும். அடிபட்டவன் வீட்டுக்கு இல்லை. விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது ஏ.ஆர். காப்பி, உண்மையைச் சொல்லட்டும். அதற்குப் பயப்பட வேண்டியவன் குடித்தவன்.

ரத்தப் பரிசோதனையை வேண்டுமென்றே தாமதப்படுத்துவதும் நடக்கிறது. உடம்பில் ஆல்கஹால் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் குறையும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். விபத்து நேரத்தில் 90 இருந்தவன் நாலு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தால் 30-க்கு வந்திருப்பான். சீட்டில் "வரம்புக்குள்" என்று வரும். ஆளைக் காணோம், வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்றெல்லாம் கதை சொல்வது இதற்குத்தான். ரத்தம் எடுக்கும்போது ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கக்கூடாது. துடைத்தால் அதையே காரணம் காட்டி அறிக்கையைச் சந்தேகத்துக்குள் தள்ளிவிடுவார்கள். ஆனால் திரும்பவும் சொல்கிறேன், இந்த இழுபறியில் யார் ஜெயித்தாலும் இறந்தவன் வீட்டுக்கு வர வேண்டிய பணம் அதனால் போய்விடாது. டிரைவர் மீதான கிரிமினல் கேசும், உரிமையாளரிடம் கம்பெனி வசூலிக்க முடியுமா என்பதும்தான் அதனால் மாறும்.

தலைகீழாகவும் ஒரு பேச்சு உண்டு. "செத்தவன்தான் குடிச்சிருந்தான், அதனால ஒண்ணும் கிடைக்காது." நம்ம அரியலூர் பக்கம் ராத்திரியும் பகலும் சிமெண்டு லாரியும் சுண்ணாம்புக்கல் டிப்பரும் ஓடுகிற ரோட்டில் பைக்கில் போனவன் அடிபட்டால் இந்த வார்த்தை சீக்கிரமாகக் கிளம்பும். போஸ்ட்மார்ட்டத்தில் வயிற்றில் சாராயம் இருந்தது என்று வந்துவிட்டால் போதும், வீட்டாரே வாயடைத்துப் போவார்கள். இதற்கும் பதில் இருக்கிறது. 1990-ல் கேரளாவில் ஒரு காரும் பஸ்ஸும் மோதிக் காரை ஓட்டியவர் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் அவர் வயிற்றில் ஆல்கஹால் இருந்தது தெரிந்தது. உயர் நீதிமன்றம் அவர் மேலும் ஒரு பங்கு தப்பு இருக்கிறது என்று பணத்தைக் குறைத்தது. 2013-ல் ஜிஜு குருவிளா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குடித்திருந்தார் என்பது மட்டும் போதாது, அவர் தாறுமாறாக ஓட்டினார் என்பதற்குச் சாட்சி வேண்டும், அது இல்லாதபோது அவர் மேல் பங்கு போட முடியாது என்று சொல்லிவிட்டது. ஓரமாகப் போனவனை லாரிக்காரன் தப்பான பக்கம் ஏறி அடித்தால், செத்தவன் வயிற்றில் என்ன இருந்தது என்பது கேள்வியே இல்லை. உண்மையிலேயே அவனும் குறுக்கே விழுந்து ஓட்டியிருந்தால் அவன் பங்கு தப்புக்கு ஏற்பக் குறைப்பார்கள். குறைப்பது வேறு, ஒன்றுமே கிடையாது என்பது வேறு.

இப்போது வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனி கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்கும் என்றேன். அதற்கு அவர்கள் புதிதாக ஒரு கேசு போட வேண்டியதில்லை. 2004-ல் நஞ்சப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி அதே தீர்ப்பை வைத்து நிறைவேற்று மனு போட்டாலே போதும். வண்டியை ஜப்தி பண்ணலாம், சொத்துக்கும் வரலாம். விபத்துத் தீர்ப்பாயம் சொன்ன தொகையை நில வரி பாக்கி மாதிரிக் கலெக்டர் மூலம் வசூலிக்கவும் சட்டத்தில் 174-வது பிரிவு இருக்கிறது. இரண்டு ஏக்கர் மானாவாரியும் ஒரு மினி லாரியும் வைத்துப் பிழைக்கிறவன் 24 லட்சத்துக்கு எங்கே போவான்? பண்ணையாள் சாயங்காலம் ஊற்றிக்கொண்டு வந்து சாவி கேட்கும்போது, "பக்கத்துலதானே போறான்" என்று எடுத்துக் கொடுக்கிறோமே, அந்தச் சாவியோடு நம்ம பட்டாவையும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். ஆள் குடித்திருந்தது நமக்குத் தெரியவே தெரியாது என்றால் அதைத் தீர்ப்பாயத்தில் சொல்லி வாதாட வழி உண்டு. தெரிந்தே கொடுத்தவனுக்கு அந்த வழியும் இல்லை. பாலிசி காலாவதியாகிக் கிடந்தால் இன்னும் மோசம். முன்னாடி கட்டக் கம்பெனியே கிடையாது, முழுப் பணமும் நேராக உங்கள் தலையில்.

என் கோபம் குடிகாரன் மேல் மட்டும் இல்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். இந்தப் பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் கம்பெனி பொறுப்பை மறுக்கக் காட்டலாம் என்று இருக்கும் காரணங்களின் பட்டியலில், 150-வது பிரிவில், குடித்துவிட்டு ஓட்டியதையும் சேர்த்துவிட்டார்கள். முன்னால் இருந்த 149-வது பிரிவில் அது இல்லை. கம்பெனி வக்கீலுக்கு இது போதாதா? ஒவ்வொரு கேசிலும் இதை எடுத்து நீட்டுவார், வாய்தா வாங்குவார், மேல்முறையீடு போவார். அதே திருத்தத்தில் மனுப் போட ஆறு மாதக் கெடுவும் வைத்தார்கள். கம்பெனிக்கு ஒரு புதுச் சாக்கு, விதவைக்கு ஒரு புதுக் கெடு. இதை எழுதினவர்கள் கருமாதிச் செலவுக்கு வட்டிக்கு வாங்கின வீட்டில் ஒரு நாள் இருந்து பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

நீதிபதிகள் நியாயமாகத் தீர்ப்பு சொல்கிறார்கள் என்பதற்காக நாம் சும்மா இருக்க முடியாது. நல்ல தீர்ப்பு வாங்க ஒவ்வொரு குடும்பமும் சென்னை வரை போக முடியுமா? சட்டத்திலேயே ஒரு வரி எழுதட்டும்: டிரைவர் குடித்திருந்தாலும் மூன்றாம் நபருக்குக் கம்பெனி முதலில் கட்ட வேண்டும், வசூலிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஊருக்கு ஊர் கடை திறந்து சாராயம் விற்று வருமானம் பார்க்கிற அரசாங்கம், குடித்தவன் அடித்துப் போட்ட குடும்பத்துக்காக டெல்லியில் இந்த ஒரு வரியையாவது கேட்டு வாங்கித் தர வேண்டும்.

அது வரும்வரை, நம்ம வீட்டில் இப்படி ஒன்று நடந்தால் செய்ய வேண்டியது இதுதான். எஃப்.ஐ.ஆர். நகல், ஏ.ஆர். காப்பி, போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, சம்பவ இட வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, அடிச்ச வண்டியின் ஆர்.சி., பாலிசி நகல், இவற்றைக் கேட்டு வாங்குங்கள். பாலிசி அன்றைக்கு உயிரோடு இருந்ததா என்பதை முதலில் பாருங்கள், அதுதான் முக்கியம். வெற்றுத்தாளில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஆறு மாதத்துக்குள் எம்.சி.ஓ.பி. மனுப் போடுங்கள். நாம் குடியிருக்கிற ஊருக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம், விபத்து எங்கே நடந்திருந்தாலும் சரி. சாவு கேசை ஊர்ப் பஞ்சாயத்தில் ராஜி பேசி முடிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. "எல்லாம் முடிஞ்சு போச்சு" என்று யாராவது சொன்னால், யாருக்கு முடிஞ்சது என்று கேளுங்கள்.